எத்தினையாவது சுற்றில நிப்பாட்டுறது?

நட்சத்திரம் இருக்கிற தூரத்துக்கு, கமெராவைப் பொறுத்தவரை அது வெறும் ஒரு புள்ளி. படத்தில அது சின்னத் திட்டா விழுந்திருந்தால், அந்தத் திட்டு நட்சத்திரத்தின் உருவமில்லை, எங்கட படத்தின் மங்கலின் உருவம். அதை அளந்தெடுத்தால் மங்கலில் கொஞ்சத்தைத் திருப்பி எடுக்கலாம்.

மடத்துவெளியில ஒரு தை மாத இரவு, ஓரியன் நெபுலாவின் நடுவில இருக்கிற டிரப்பீசியம் என்ற நாலு நட்சத்திரங்களை 300 மி.மீ. லென்ஸால எடுத்தம். வானத்தோட சேர்ந்து சுத்துற மோட்டார் எங்களிட்ட இல்லை. அதால அரைச் செக்கன் படங்களா 200. அந்த அரைச் செக்கனுக்குள்ளயே நட்சத்திரம் மூண்டு பிக்சல் அளவுக்கு நகர்ந்துவிடும், கடல் காத்து வேற. படங்களை ஒண்டாக்கிப் பாத்தால் நாலும் ஒரே கட்டி.

பக்கத்தில தனியா நிண்ட ஒரு நட்சத்திரத்தை வெட்டி எடுத்தம். பிரகாசமா இருக்கோணும், ஆனால் நடு வெளுத்துப் போயிருக்கக் கூடாது. பின்னணி ஒளியைக் கழிச்சு, மொத்தம் 1 வாற மாதிரி வகுத்தம்.

பிறகு சுற்றுகள். முதல் ஊகம் எங்கட படமே. அதை அந்தத் திட்டால மங்கலாக்கி, எடுத்த படத்தை அதால வகுக்கோணும். வாற விகிதத்தைத் தலைகீழாத் திருப்பின திட்டால பரப்பி, ஊகத்தோட பெருக்கினால் ஒரு சுற்று முடிஞ்சுது. ரிச்சர்ட்சன் 1972 இலயும் லூசி 1974 இலயும் சொன்ன முறை இது. கண்ணாடிப் பிழையோட 1990 இல மேல போன ஹபிள் தொலைநோக்கியின் படங்களையும், 1993 இல அதைத் திருத்தும் வரை இப்படித்தான் தெளிவாக்கினவை.

14 ஆவது சுற்றில மூண்டு நட்சத்திரம் பிரிஞ்சுது, நாலாவது பக்கத்தில ஒரு புடைப்பு மட்டும். 40 இல நாலும் பளிச்செண்டு பிரிஞ்சுது. எங்களில பாதிப் பேருக்கு அந்தப் படம்தான் வேணும். ஆனால் அதே படத்தில நட்சத்திரங்களைச் சுத்திக் கறுப்பு வளையம், வெறும் வானத்தில புதுசு புதுசாப் புள்ளிகள்.

எது உண்மை எண்டு பாக்க, 200 படங்களையும் ஒற்றை, இரட்டை எண்டு ரெண்டாப் பிரிச்சம். வானம் ரெண்டிலும் ஒண்டுதான், இரைச்சல் மட்டும் வேற. ஒற்றைப் பாதியில வந்த விடையைத் திரும்ப மங்கலாக்கி இரட்டைப் பாதியோட ஒப்பிட்டம். வித்தியாசம் 14 வரை குறைஞ்சுது, பிறகு கூடத் தொடங்கிச்சுது. அதுக்குப் பிறகு சுற்றுகள் வானத்தை இல்லை, இரைச்சலைத்தான் படிக்குது. 40 இன் புதுப் புள்ளிகள் மற்றப் பாதியில அதே இடத்தில வரேல்லை.

நாலாவது நட்சத்திரம் மட்டும் ரெண்டு பாதியிலும் ஒரே இடத்தில வந்துது. பிரகாசமான இடம் கூடச் சுற்றுகளைத் தாங்கும், மங்கலான வானம் தாங்காது. ஒரு படம் முழுதுக்கும் ஒரே எண்ணெண்டால் எங்கேயோ விட்டுக்குடுக்கத்தான் வேணும். நாங்கள் 14 ஐ எடுத்தம். இல்லாத நட்சத்திரங்களைக் காட்டுறதை விட, இருக்கிற ஒண்டு புடைப்பாத் தெரியிறது பரவாயில்லை.