இடது பக்கமும் வலது பக்கமும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் எனது பெறாமகள் வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டிற்கு வந்திருந்தாள். கணினி விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, மென்பொருள் நிறுவனங்களில் வேலை தேடிக்கொண்டிருந்த அவளுக்கு, 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் மின்னஞ்சல் அன்று மூன்றாவது தடவையாக வந்திருந்தது. மூன்று இடங்களிலும் தொலைபேசியில் விசாரிக்கும் முதற் சுற்றைத் தாண்டிவிட்டு, தொழில்நுட்பக் கேள்விகள் கேட்கப்படும் இரண்டாஞ் சுற்றிலேயே நின்றுபோயிருந்தாள்.

"என்ர இங்கிலிஷ்தான் பிழை, பெரியப்பா. ஆறு மாத வகுப்பு ஒண்டில சேரப்போறன்" என்றாள். அந்த வகுப்பிற்குக் கட்ட வேண்டிய பணத்திற்காகத் தாயாரின் காப்பொன்றை அடகு வைப்பது பற்றி வீட்டில் பேச்சு நடந்திருப்பது எனக்கு முன்னரே தெரியும்.

கடைசி நேர்முகப் பரீட்சையில் கேட்கப்பட்ட மூன்றாவது கேள்வி என்ன, அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை. எதிரே இருந்தவரின் முகம் சுருங்கியதும் தனது நா வறண்டதும் நினைவிலிருந்தன. கேள்வி நினைவில் இல்லை.

இந்த விடயத்தில் நானும் ஒருமுறை சூடுபட்டவன். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிரமுகர், குறிப்புப் புத்தகத்தை மூடிவைத்தால் பேசுகிறேன் என்றார். பேசி முடிந்ததும் வெளியே வந்து உடனே எழுதாமல், மறுநாள் காலையில்தான் எழுதினேன். இடையில் சக பத்திரிகையாளர் ஒருவர், அந்தத் திட்டம் நிச்சயமாகிவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார். பிரமுகர் சொன்னது 'பார்க்கலாம்' என்பதே. நான் எழுதியது 'செய்வோம்'. மறுப்பு வந்தது, ஆசிரியரிடம் ஏச்சும் வாங்கினேன். பொய் எழுதும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை. முடிவு இன்னது என்று அறிந்துகொண்ட எனது நினைவு, அந்த முடிவிற்கு ஏற்றவாறு அவருடைய சொல்லை மாற்றி வைத்திருந்தது. பெறாமகளுக்கு நடந்ததும் இதுவே. தோல்விக் கடிதத்தைப் படித்த பின்னர் நினைத்துப் பார்த்தமையால், நடந்தவை யாவும் தோல்வியின் நிறத்திலேயே தெரிந்தன.

ஆகவே ஒரு சி.ஆர். கொப்பியை வாங்கிக் கொடுத்தேன். இடது பக்கத்தில் கேட்டதும் சொன்னதும் மட்டும் இருக்க வேண்டும். 'பயந்துவிட்டேன்', 'அவருக்குப் பிடிக்கவில்லை' என்பன போன்றவை வலது பக்கத்திற்கு உரியவை. பரீட்சை முடிந்து ஒரு மணித்தியாலத்திற்குள், முடிவு தெரிவதற்கு முன்னர், திகதியும் நேரமும் இட்டு எழுத வேண்டும். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எல்லாக் கேள்விகளையும் ஒவ்வொரு சொல்லாக ஒரு நிரையில் குறித்துவிட வேண்டும். பதில்களை அதன் பின்னர் விரிக்கலாம். முதலாவது பதிலை நீட்டி எழுதத் தொடங்கினால் ஐந்தாவது கேள்வி மறந்துபோகும்.

நான்காவது நிறுவனத்தின் பரீட்சை முடிந்ததும், பஸ் தரிப்பிடத்திலிருந்தே எழுதினாள். அதில் ஒரு பதிவை மட்டும் இங்கே தருகிறேன். ஊழியர் பட்டியலிலிருந்து இரண்டாவது ஆகக்கூடிய சம்பளத்தை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் உடனே எழுதிக் கொடுத்தது இது:

```
SELECT salary FROM employee
ORDER BY salary DESC LIMIT 1 OFFSET 1;
```

கணினி அறியாதவர்களுக்காகச் சொல்வதானால், சம்பளங்களை மேலிருந்து கீழாக அடுக்கி, முதலாவதை விட்டு அடுத்ததை எடு என்பதே இதன் பொருள். கேட்டவர், "இது எப்போதும் சரிவருமா?" என்றார். "ஓம்" என்றாள் இவள். ஆகக்கூடிய சம்பளத்தை இருவர் பெறுவார்களாயின், பட்டியலில் இரண்டாவதாக நிற்பதும் அதே தொகைதான். தொகைகளில் இரண்டாவது வேண்டுமா, ஆட்களில் இரண்டாமவரின் சம்பளம் வேண்டுமா என்பதை அவள் கேட்கவே இல்லை. வலது பக்கத்தில் இருந்ததோ, 'இங்கிலிஷ் தடக்கியது' என்ற ஒரு வரி மாத்திரமே.

அந்த இடமும் கிடைக்கவில்லை. மேலும் இரண்டு பரீட்சைகளின் பதிவுகள் சேரும்வரை, ஒன்றையும் ஆராய வேண்டாம் என்று தடுத்து வைத்தேன். ஒரு தடவை நிகழ்ந்ததை வழக்கம் என்று சொல்லிவிட முடியாதல்லவா? பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது பக்கங்களைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, இடது பக்கங்களை மட்டும் உரத்து வாசிக்கச் செய்தேன்.

நான் தேடச் சொன்னது அவளுடைய பதில்களை அல்ல, எதிரே இருந்தவர்களின் இரண்டாவது கேள்விகளை. பதில் கேட்டுத் திருப்தியடைந்தவர் அடுத்த விடயத்திற்குப் போய்விடுவார். திருப்தியடையாதவரே அதே இடத்தைத் திரும்பவும் தட்டிப் பார்ப்பார். பேட்டி எடுத்துப் பழகிய எனக்கு இது தெரியும். 'எப்போதும் சரிவருமா?', 'பட்டியல் வெறுமையாக இருந்தால்?', 'யாருக்காக இதைச் செய்கிறோம் என்று நினைக்கிறீர்கள்?' என்று மூன்று பரீட்சைகளிலும் தட்டியிருக்கிறார்கள். மூன்றும் ஒரே இடத்தைத்தான் தட்டின. கேள்வியில் வேண்டுமென்றே விடப்பட்டிருந்த ஓட்டையை, இவள் கேளாமலே தன் ஊகத்தால் அடைத்துவிட்டு விடை எழுதத் தொடங்கியிருந்தாள்.

ஆங்கிலத்தையும் எண்ணிப் பார்த்தோம். மூன்று பரீட்சைகளிலும் சேர்த்து, ஒரு கேள்வியைத் திரும்பச் சொல்லுமாறு அவள் கேட்டது ஒரேயொரு தடவை. அதுவும் இணைய இணைப்பு அறுந்தபோது. காப்பு தப்பியது.

மாற்றியது ஒன்றைத்தான். பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. விடை எழுதுமுன் கேள்வியிலுள்ள ஓட்டையைத் தேடிக் கேட்பது என்று முடிவுசெய்தோம். பயிற்சிக்காக நான் ஓட்டைக் கேள்விகள் கேட்பேன். "எங்கட பத்திரிகையில ஆகக் கூடுதலா வாசிக்கப்பட்ட கட்டுரையை எடுத்துத் தா, பிள்ளை" என்றால், எந்தத் திகதியில், அச்சிலா இணையத்திலா, இரண்டு சமமாக வந்தால் என்ன செய்வது என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

அடுத்த பரீட்சையில் இது மறுபக்கம் சாய்ந்தது. 40 நிமிடத்தில் 11 நிமிடத்தைக் கேட்பதிலேயே செலவழித்துவிட்டு, விடையை முடிக்காமல் எழுந்து வந்தாள். நேரத்தையும் இடது பக்கத்தில் குறித்திருந்தபடியால் பிழை உடனே புலப்பட்டது. இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்பதில்லை என்று வரையறுத்துக்கொண்டோம். அதற்குப் பிந்திய ஓரிடத்தில், அந்தப் பதவிக்கு ஆளெடுப்பதையே நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். அந்தப் பதிவிலிருந்து அவள் ஏதோ குற்றம் கண்டுபிடிக்க முனைந்தபோது தடுத்தேன். கொப்பி காட்டுவது அவள் செய்ததை மட்டுமே. நிறுவனத்தின் கணக்கு வழக்கு அதில் இராது. நிறுவனங்கள் நம்பிக் கேட்கும் கேள்விகள் என்பதால், அந்தக் கொப்பியை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்ற கட்டுப்பாட்டையும் அவள் காத்தாள்.

இப்போது அவள் வேலை செய்யும் நிறுவனத்தின் இறுதிச் சுற்றுப் பதிவை எனக்கு வாசித்துக் காட்டினாள். எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். முன்னொரு பதிவில் அதே கேள்விக்கு ஒரு தொகையைப் பட்டென்று சொல்லியிருந்தவள், இம்முறை, "ஊழியர் சேமலாப நிதிக்கு எனது பங்கான 8 சதவீதத்தைக் கழிப்பதற்கு முன்னரான தொகையையா கேட்கிறீர்கள், கைக்கு வருவதையா?" என்று கேட்டிருந்தாள்.

'பேனையை வைத்துவிட்டு விளக்கம் சொன்னார், நான்கு நிமிடம்' என்று இடது பக்கத்தில் இருந்தது. வலது பக்கத்தில் அன்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை.