ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு மெயில்

போன செமஸ்டர்ல நான் ஒரு மெயில் அனுப்பினேன். "அக்கா, இவன் என் ஜூனியர். தம்பி, இவங்க நம்ம சீனியர், பேட்டரி கம்பெனியில இருக்காங்க. ரெண்டு பேரும் பேசிக்கோங்க." அவ்வளவுதான். பெரிய உதவி செஞ்ச திருப்தியில தூங்கிட்டேன்.

பதினொரு நாள் யாரும் பதில் போடவில்லை. ஜூனியருக்கு புராஜெக்ட் ரிவ்யூ நெருங்கிடுச்சு. "அக்காவுக்கு விருப்பமில்ல போல அண்ணா"ன்னு சொன்னான். அக்காவுக்கு போன் போட்டா, "யாருடா அந்தப் பையன்? வேலை கேக்குறானா? நான் என்ன பண்ணணும்?"னு கேட்டாங்க. யார் முதலில் பேசணும்னே அந்த மெயிலில் இல்லை. ரெண்டு பேரும் காத்திருந்தாங்க.

இரண்டாவது முறை, மெயில் எழுதும் முன்னாடியே அக்காகிட்ட தனியா கேட்டேன். "வேலை விஷயம்னா வேண்டாம், புராஜெக்ட் சந்தேகம்னா இருபது நிமிஷம் தரேன்" என்றார். அந்தச் செய்தியை நான் தம்பிக்கு ஃபார்வர்டு பண்ணல. அது எனக்குச் சொன்னது. தம்பிகிட்ட சந்தேகத்தை ஒரே கேள்வியா எழுதித் தரச் சொன்னேன். பிறகு ரெண்டு பேருக்கும் சேர்த்து இப்படி எழுதினேன்:

> சப்ஜெக்ட்: அறிமுகம் – பேட்டரி பேலன்சிங் சந்தேகம், 20 நிமிடம்
>
> அக்கா, இந்தத் தம்பி மூன்றாம் ஆண்டு இஇஇ. நாலு லித்தியம் அயான் செல்லை சீரிஸில் வைத்து பேக் செய்கிறான். ஒரு செல் மட்டும் முன்னாடியே 4.2 வோல்ட்டைத் தொடுகிறது. அதைக் குறைக்க வைத்த 33 ஓம் ரெசிஸ்டர் கருகுகிறது. ஏன் என்பதுதான் கேள்வி.
>
> தம்பி, அக்கா நம்ம டிபார்ட்மென்ட் சீனியர். பேட்டரி பேக் டெஸ்டிங்கில் மூன்று வருஷமாக இருக்கிறார். சனிக்கிழமை மாலை போனில் பேசச் சம்மதித்திருக்கிறார். சர்க்யூட் படத்தோடு நீயே முதலில் பதில் போடு.

கவனிச்சீங்களா? அக்காவுக்குத் தேவை, என்ன கேள்வி, எவ்வளவு நேரம். தம்பிக்குத் தேவை, இவரிடம் ஏன் கேட்கணும், அடுத்து தான் என்ன செய்யணும். ரெண்டும் வேற வேற, அதனால்தான் ஆளுக்கொரு பத்தி.

அன்னிக்கு ராத்திரியே தம்பி ரிப்ளை ஆல் போட்டு, என்னை Bcc-க்கு மாத்திட்டான். அவங்க பேச ஆரம்பிச்சது எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவங்க நேரம் பேசி முடிவு பண்ண மெயில் எதுவும் எனக்கு வரல. நடுவுல இருந்தவன் அங்கேயே விலகிக்கலாம்.

அக்கா போனுக்குக்கூடக் காத்திருக்கல. படத்தைப் பார்த்துட்டு ஒரே வரி எழுதினாங்களாம்: "ரெசிஸ்டர் எத்தனை வாட்?" தம்பி போட்டிருந்தது கால் வாட். 4.2 வோல்ட்ல 33 ஓம் அரை வாட்டுக்கு மேல சூடாக்கும். கருகாம என்ன செய்யும்?

33 ஓம்னு மெயிலில் இருந்ததாலதான் அந்தக் கேள்வி உடனே வந்துச்சு. என் முதல் மெயிலில் பேட்டரின்னு ஒரு வார்த்தைதான் இருந்தது. அதுவும் கம்பெனியைச் சொல்ல.