எலுமிச்சம்பழமும் இருநூறு கிராம் உப்பும்

கோத்தகிரிக்குக் கீழே, சோலைக்காட்டிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றிலிருந்து ஊருக்குக் குடிநீர்க் குழாய் போடப் போகிறார்கள். அளவு பார்க்கக் குறுக்குச் சுவர் எதுவும் அதில் கிடையாது. "வெறும் உப்பைக் கரைத்தே தண்ணீரை அளப்பார், வந்து பாருங்கள்" என்று நண்பர் ஓர் அண்ணனை அறிமுகப்படுத்தினார். மார்ச்சில் போயிருந்தேன்.

முதலில் எலுமிச்சம்பழம். இலையை விட்டால் காற்று தள்ளிவிடும். பழம் முக்கால்வாசி முழுகி நீரோடு போகும். ஆறு மீட்டரை அது 24 விநாடியில் கடந்தது. ஓடையின் அகலம் 80 சென்டிமீட்டர், சராசரி ஆழம் 10. கணக்குப் போட்டால் விநாடிக்கு 20 லிட்டர். ஆனால் பழம் காட்டுவது மேல்தண்ணீரின் வேகத்தைத்தான். அடியில் கல்லும் வேரும் தண்ணீரைப் பிடித்து இழுக்கின்றன. அதற்காக 0.85ஆல் பெருக்குவது வழக்கம். 17 லிட்டர் வரும். "அந்த 0.85 ஆழமான வாய்க்காலுக்கு. இங்கே எவ்வளவு என்று ஓடைதான் சொல்லணும்" என்றார் அண்ணன்.

அதைச் சொல்ல வைப்பதுதான் உப்பு. இருநூறு கிராம் தூளுப்பை எடைபோட்டு, ஓடைத் தண்ணீரிலேயே பக்கெட்டில் கலக்கினார். அடியில் ஒரு பரல்கூட இல்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான், தண்ணீர் கொந்தளிக்கும் இடத்தில் ஒரே மூச்சில் கொட்டினார். முப்பது மீட்டர் கீழே இரு கரையிலும் மின்கடத்துதிறன் மீட்டர்கள். எண் 40 மைக்ரோசீமென்சில் அப்படியே நின்றது. பிறகு சரசரவென ஏறி, மெதுவாக இறங்கி, ஐந்து நிமிடத்தில் மறுபடி 40க்கு வந்தது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை நான் குறித்துக்கொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு எண்ணிலும் 40ஐக் கழித்துக் கூட்டினால் 6,400. ஐந்து விநாடியால் பெருக்கினால் 32,000. ஒரு மைக்ரோசீமென்சுக்கு லிட்டரில் சுமார் அரை மில்லிகிராம் உப்பு. அந்த ஓடைத் தண்ணீரிலேயே உப்பை அளந்து போட்டு அதை முன்பே சரிபார்த்திருந்தார். ஆக 16,000. கொட்டியது இரண்டு லட்சம் மில்லிகிராம். வகுத்தால் விநாடிக்கு 12.5 லிட்டர். மறுகரை மீட்டரில் 13. இரண்டும் ஒட்டி வந்ததால் உப்பு நன்றாகக் கலந்திருக்கிறது. ஒன்று 12, மற்றது 18 என்று வந்திருந்தால் இன்னும் கீழே போய் அளக்க வேண்டும். நடுவில் குட்டை இருந்தால் உப்பு அதில் தங்கி, எண் இறங்கவே நேரமாகும். அந்த வாலை முழுசாகக் குறிக்காமல் எழுந்தால், இல்லாத தண்ணீர் கணக்கில் ஏறிவிடும்.

ஆக, 12.5ஐப் பழம் காட்டிய 20ஆல் வகுத்தால், இந்த ஓடையின் பெருக்கல் எண் 0.63. நீர்மட்டம் பெரிதாக மாறாதவரை இங்கே பழம் மட்டும் போதும்.

ஐப்பசி மழையில் ஒரே ஒரு நாள் பழம் விட்டுப் பார்த்து, 0.85 போட்டுக் குழாய் வாங்கிவிடும் ஒப்பந்தக்காரர்களை எனக்குத் தெரியும். கோடையில் குழாய்க்குள் காற்றுதான் வரும். பில் மட்டும் முழுசாகப் பாஸாகியிருக்கும். இது கவனக்குறைவு அல்ல, ஏமாற்று. கோடை மழைக்கு முன் ஏப்ரலில் இன்னொரு முறை அளக்காமல் குழாயின் அளவைச் சொல்ல மாட்டேன் என்று அண்ணன் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டார்.