கைப்பை திறந்த சத்தம்

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினோம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நிதி திரட்ட நான் எழுதிய ஆறு நிமிடப் படம். கட்டு அவிழ்த்ததும் பாட்டி பேத்தியைத் தடவிப் பார்க்காமல், கண்ணால் பார்க்கிற இடத்தில் முன்வரிசை அம்மா ஒருவர் கைப்பையைத் திறந்தார். எடுத்தது கைக்குட்டை. துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அன்று சேர்ந்த பணம் மண்டப வாடகைக்கே காணவில்லை.

பாட்டிக்குத்தான் பார்வை வந்துவிட்டதே, இனி அந்த அம்மா செய்ய என்ன இருக்கிறது? கதையை நானே முடித்து வைத்துவிட்டு, அதன்பின் ஒரு நிமிடம் அறக்கட்டளையின் திட்டங்களை அடுக்கி, "தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம்" என்று எழுதியிருந்தேன். ஆதரவு என்றால் எவ்வளவு, எங்கே?

அந்தப் பட்டியல் அறக்கட்டளைத் தலைவரின் பிடிவாதம். "கணக்கு சொல்லாம எப்படிங்க நம்புவாங்க?" பதில் பின்னாளில்தான் கிடைத்தது. ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. கையில் 5 டாலர் இருந்தவர்களில், மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 தான். கணக்கு கதையைத் தின்றுவிட்டது. தலைவரிடம் காட்டினேன், பட்டியல் துண்டறிக்கைக்குப் போனது.

எடுத்த காட்சிகளை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது கண் சிகிச்சை முகாமின் வாசல் பெஞ்சு கண்ணில் பட்டது. பாட்டி டோக்கனோடு அதில்தான் உட்கார்ந்திருந்தார். படத்தை அந்த பெஞ்சிலேயே தொடங்கினேன். கட்டு அவிழ்க்கும் காட்சி நாலாவது நிமிடத்துக்கு முன்னால் வந்தது. அதன்பின் இசை நின்று, மறுபடி அதே பெஞ்சு, காலியாக. பக்கத்தில் நின்று கிராமத்துச் செவிலியர் சொல்கிறார்: "அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க உட்காரப் போறவங்க ஒருத்தருக்கு ரெண்டாயிரம் ரூபா ஆகும். நீங்க குடுக்கலாம்." பாட்டி வாயால் பணம் கேட்க வைக்க எனக்கு மனமில்லை. காத்திருக்கும் இன்னொரு பாட்டியை உட்கார வைக்கலாம் என்றார் எடிட்டர். படம் ஊர் சுற்றும்போது அவருக்குச் சிகிச்சை முடிந்திருக்கும். அப்புறம் அது பொய். காலி பெஞ்சு பொய்யாகாது.

பிறகு திரையில் க்யூஆர் கோடு மட்டும், பத்து விநாடி. வாட்ஸ்அப்பில் அனுப்பியபோதுதான் உறைத்தது: கைபேசியில் ஓடும் படத்தை அதே கைபேசியால் எப்படி ஸ்கேன் செய்வது? அந்தப் பிரதியோடு பணம் கட்டும் லிங்க்கையும் சேர்த்து அனுப்பினோம்.

இரண்டாம் முறை வேறொரு மண்டபம். பெஞ்சு காலியானது. இருட்டில் எங்கோ கைப்பை ஜிப் திறக்கும் சத்தம். கைக்குட்டையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கைபேசி வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்தது. "ரெண்டு பேருக்குக் கட்டலாமா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.