கைகள் நின்றுபோன நான்கு நிமிடங்கள்

நன்றியுரையை நான்தான் சொன்னேன். திருச்சியில் நாங்கள் சில தோழிகள் சேர்ந்து நடத்திய பெண் கவிஞர்களின் வாசிப்பு மாலை அது. வழக்கமான பட்டியலை முடித்துவிட்டு, கடைசியாகக் குரலைத் தழைத்துக்கொண்டு, அன்று சைகைமொழியில் பெயர்த்த இரண்டு பெண்களையும் மேடைக்கு அழைத்தேன். பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்தோம். அவர்களைப் பற்றி நான்கு நிமிடம் உருக்கமாகப் பேசினேன். அரங்கம் கைதட்டியது.

இறங்கி வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தையற்கடை வைத்திருப்பவர், பிறவியிலேயே காது கேளாதவர். திரையில் இப்படித் தட்டச்சு செய்திருந்தார்: "மேடம், கடைசியில் என்ன பேசினீங்க? எங்களுக்குத் தெரியல."

பெயர்ப்பவர்கள் இருவரையும் மேடையில் பொன்னாடையோடு நிறுத்திவிட்டேன். அப்புறம் யார் பெயர்ப்பது? அன்றைய இரண்டரை மணி நேரத்தில், முன்வரிசையில் இருந்த பதினொரு பேருக்கும் நிகழ்ச்சி மூடிக்கிடந்தது அந்த நான்கு நிமிடம் மட்டும்தான். அதை மூடியது என் நன்றி.

அந்த நன்றியை இங்கே மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். இந்த முறை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு சண்டை வந்தது. ஒருவர் போதாதா, எதற்கு இரண்டு பேர் என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். நானும் மனதுக்குள் அதைத்தான் கேட்டேன். மூத்தவர் போனில் பொறுமையாகச் சொன்னார்: "அக்கா, இருபது நிமிஷத்துக்கு மேல ஒருத்தரே செஞ்சா தப்பு வர ஆரம்பிக்கும். தப்பு வருதுன்னு செய்யறவங்களுக்கே தெரியாது. அதான் இதுல ஆபத்து." அன்று கவனித்துப் பார்த்தேன். ஒருவர் கை அசைக்கும்போது மற்றவர் ஓய்வெடுக்கவில்லை. முன்வரிசையில் எதிரே உட்கார்ந்து, தவறிப்போன ஒரு பெயரை, காதில் சரியாக விழாத ஒரு சொல்லைச் சிறு சைகையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டார்கள். பக்கவாத்தியம் போல என்று எழுத வந்தது, அடித்துவிட்டேன். பக்கவாத்தியக்காரருக்குத் தனி ஆவர்த்தனமாவது உண்டு.

இரண்டாவது, உடை. இருவரும் கரும்பச்சைப் பருத்திச் சட்டையில் வந்தார்கள். வளையல் இல்லை, ஜரிகை இல்லை. "பொம்பளைங்க நிகழ்ச்சி, கொஞ்சம் மங்களகரமா வரக்கூடாதா?" என்றார் எங்களில் ஒருவர். பெண்ணியக் கூட்டத்திலும் மங்களம் பின்கதவு வழியாக வந்துவிடுகிறது. கைகளின் நிறத்திலிருந்து உடை விலகி நிற்க வேண்டும், அப்போதுதான் விரல்கள் தெரியும். பூப்போட்ட சேலையின் முன்னால் விரல்கள் தொலைந்துபோகும். காரணம் அவ்வளவுதான். முகமும் தெரிய வேண்டும். ஒரு வாக்கியம் கேள்வியா, மறுப்பா என்பதைச் சைகைமொழியில் புருவமும் தலையசைப்பும் சொல்லிவிடும். அவை அங்கே உணர்ச்சிக்கான அலங்காரம் இல்லை, இலக்கணம். இலக்கணம் நடத்திப் பிழைக்கும் எனக்கு இது நாற்பத்தைந்து வயதில் தெரியவந்தது.

கவிதைக்காக விளக்குகளை அணைத்து, வாசிப்பவர்மீது மட்டும் ஒளி விழும்படி திட்டமிட்டிருந்தோம். எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி அன்று தன்னார்வலராக வந்திருந்தாள். ஒத்திகையில் அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மேம், இங்கேர்ந்து அவங்க கை தெரியல" என்றாள். பின்னால் இருந்த எல்இடி திரையின் வெளிச்சத்தில் பெயர்ப்பவர் வெறும் நிழலாக நின்றார். திரையைத் தள்ளி வைத்து, அவருக்கென்று ஒரு விளக்கைப் போட்டுத் தந்தவள் அவள்தான். முன்வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களிடமிருந்து காப்பாற்றியவளும் அவளே. புகைப்படக்காரர் நடுவில் வந்து நின்றபோதெல்லாம் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு மாணவி, திரையில் தமிழ் எழுத்துகளை ஓடவிட்டாள். கவிதைகள் முன்கூட்டியே கைவசம் இருந்ததால் முழுதாக ஓடின. உரைகளைத் தட்டச்சு வேகத்தில் பிடிக்க முடியாமல் சுருக்கித் தந்தாள்.

எழுத்து ஓடும்போது சைகை எதற்கு என்றும் கேட்டார்கள். பேச்சு பழகிய பிறகு காது போனவருக்கு எழுத்து போதும். பிறவியிலேயே கேளாத பலருக்குத் தமிழ், கண்ணால் மட்டும் கற்ற இரண்டாம் மொழி. நமக்கு ஆங்கிலக் கவிதையைத் திரையில் ஓடவிட்டால் எப்படியோ அப்படி.

இப்போது என் கவிதைக்கு வருகிறேன். அதில் ஒரு பெண் மாலைக்காகக் காத்திருக்கிறாள். பொழுதா, கழுத்தில் விழப்போகும் பூவா என்று சொல்லாமல் விட்டிருந்தேன். அந்த இரட்டுறலில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இரண்டு நாள் முன்னால்தான் கவிதையை அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. "அக்கா, எந்த மாலை?" இரண்டும் என்றேன். "தமிழ்ல ஒரே சொல்லு. என் கையில ரெண்டும் வேற வேற. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க." நான் மறுத்தேன். அவர் கோபப்படவில்லை, யோசிக்கிறேன் என்று போனை வைத்தார்.

அன்று மேடையில் அவர் செய்ததைக் காணொளியில் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு கை சூரியனாக மெல்ல இறங்குகிறது. இறங்கும் அந்த வளைவு பாதியில் கழுத்தை நோக்கித் திரும்பி, தோளைச் சுற்றி மாலையாக விழுகிறது. கண்கள் ஒருமுறை வாசலைப் பார்க்கின்றன. ஒரே அசைவில் இரண்டு பொருளும் வந்துவிட்டன. என் வரியில் அவை ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. அவர் கையில் ஒன்று மற்றொன்றாக மாறியது. அதற்காக இரண்டு இரவு, காது கேளாத தோழி ஒருவரை வைத்துக்கொண்டு காணொளி அழைப்பில் பழகிப் பார்த்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தத் தோழியை மேடையில் நான் குறிப்பிடவே இல்லை.

'பெண்' என்பதற்கு இந்தியச் சைகைமொழியில் மூக்கின் பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள், மூக்குத்தி இருக்கும் இடம். முப்பது வயதில் வீட்டில் பெரிய ரகளைக்கு நடுவே மூக்குத்தியைக் கழற்றியவள் நான். தேநீர் வேளையில் இதைத் தையற்கடைப் பெண்ணிடம் பெயர்ப்பவர் வழியாகச் சொன்னேன். அவர் தன் வெறும் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். ஆணுக்கு மீசை என்று காட்டிவிட்டு, மழுமழுவென்று சவரம் செய்திருந்த எங்கள் சிறப்பு விருந்தினரை நோக்கிக் கண்ணைச் சிமிட்டினார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கு நோட்டில் மேடை அலங்காரம் தனி வரியில் இருந்தது. இவர்களுடைய ஊதியமும் சென்னையிலிருந்து வந்துபோன ரயில் கட்டணமும் 'இதர செலவு' என்ற தலைப்பின் கீழ், தண்ணீர் பாட்டிலுக்கு அடுத்து. அந்தத் தொகையையும் பேரம் பேசித்தான் கொடுத்தோம். 'சேவைதானே' என்ற சொல் எங்கள் வாயிலிருந்தே வந்தது. சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் அன்பு என்று பெயரிட்டுக் கூலியில்லாமல் ஆக்கியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வாய்கள்.

மறுவாரம் அந்த நன்றியுரையை எழுதி இருவருக்கும் அனுப்பினேன், பேரம் பேசிக் குறைத்த பணத்தையும் சேர்த்து. மூத்தவர் அதைச் சைகையில் பதிவுசெய்து முன்வரிசைக்காரர்களுக்கு அனுப்பிவைத்தார். தன்னைப் புகழும் வரிகளைத் தானே பெயர்க்கக் கூச்சமாக இருந்தது என்றார். பிறகு ஒரு குரல்செய்தி வந்தது.

"அக்கா, அடுத்த தடவை கவிதையெல்லாம் பத்து நாள் முன்னாடி அனுப்பிடுங்க. சிலேடை இருந்தா அடிக்கோடு போட்டு அனுப்புங்க. பொன்னாடை வேணாம், கழுத்துல கிடந்தா கை தூக்க முடியல."

இந்தப் பங்குனியில் வாசிக்கப்போகும் ஆறு பேருக்கும் கடிதம் போட்டாயிற்று. நான்கு பேரின் கவிதைகள் வந்துவிட்டன. மீதி இரண்டு பேரில் ஒருத்தி நான்.