எடை நிற்கும் இடம்

மார்ச் 3, திங்கள்

உணவைக் குறைத்து ஒரு வாரம் ஆகிறது. அந்த முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. அதில் இறங்கிய எடையில் பெரும்பங்கு கிளைகோஜனும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும்தான். கொழுப்பென்று எண்ணிப் பெருக்கினால் பராமரிப்புக் கலோரி மிக அதிகமாகத் தெரியும்.

மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி என் ஓய்வுநிலைச் செலவு 1,655 கலோரி. அதை 1.375 ஆல் பெருக்கினால் 2,276, 1.55 ஆல் பெருக்கினால் 2,565. நான் 'லேசான' உழைப்பாளியா 'மிதமான' உழைப்பாளியா என்ற ஊகம் ஒன்றே 290 கலோரியைப் புரட்டிப்போடுகிறது. என் தராசும் என் உணவுக் குறிப்பும் இதைவிட நல்ல சாட்சிகள்.

மார்ச் 10, திங்கள்

3 முதல் 9 வரையிலான காலை எடைகளின் சராசரி 78.43 கிலோ. எக்ஸெல்லில் ஒரே வரி, கீழே இழுத்தால் நகரும் சராசரி:

```
=AVERAGE(B2:B8)
```

இந்த எண்ணை 9ஆம் தேதியின் எடை என்று கொள்ளக் கூடாது. ஏழு நாளின் சராசரி நடுநாளுக்கு உரியது. ஆக இது 6ஆம் தேதிக் காலையின் எடை. கடைசிக் கணக்கில் இது பெரிய வேலை செய்யும்.

மார்ச் 17, திங்கள்

நேற்றுக் குலதெய்வக் கோயிலில் கிடா விருந்து. இன்று காலை எடை 1.3 கிலோ கூடியிருக்கிறது. அத்தனையும் கொழுப்பென்றால் தேவைக்கு மேல் சுமார் 10,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. உப்பு பிடித்து வைத்த தண்ணீர், குடலில் இருக்கும் சோறு கறி, நிரம்பிய கிளைகோஜன். எடையை அப்படியே பதிந்தேன்.

விருந்தின் கலோரியைத்தான் நெடுநேரம் யோசித்தேன். கறியின் அளவு, குழம்பில் மிதந்த எண்ணெய், இரண்டாம் முறை வாங்கிய சோறு எல்லாவற்றையும் நினைவிலிருந்து கூட்டி, 3,400 என்று கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன். தெரியவில்லையே என்று அந்த நாளை வெற்றாக விடுவதுதான் ஆபத்து. அதிகம் சாப்பிட்ட நாட்களே விடுபடும் என்பதால் சராசரி எப்போதும் ஒரே பக்கமாக, கீழே சாயும்.

மார்ச் 31, திங்கள்

24 முதல் 30 வரை சராசரி 77.73. அதன் நடுநாள் 27. ஆக 6ஆம் தேதிக் காலையிலிருந்து 27ஆம் தேதிக் காலைக்குள், 21 நாளில், 0.70 கிலோ இறக்கம். உணவுச் சராசரியையும் அதே இடைவெளிக்குத்தான் எடுக்க வேண்டும்: 6 முதல் 26 வரை. 27ஆம் தேதிச் சாப்பாடு அன்று காலை எடைக்குப் பின்னால் வருவது. சராசரி 2,150.

கிலோவுக்கு 7,700 கலோரி என்று கொண்டால் 0.70 × 7,700 = 5,390; 21 ஆல் வகுத்தால் 257. பராமரிப்பு 2,150 + 257 = 2,407.

நான்கு வாரம் எடை பார்த்தோமே என்று 28 ஆல் வகுத்தால் 193 தான் வரும், விடை 64 கலோரி குறையும். பழகியவர்களின் தாள்களிலும் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

2,407 இல் கடைசி இலக்கங்களுக்கு மதிப்பில்லை. இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தில் 0.2 கிலோ தண்ணீர் ஒளிந்திருந்தால் 21 நாளில் அது 73 கலோரி. ஒரே வார இடைவெளியில் அதே 0.2 கிலோ 220 கலோரியாகிவிடும். அதனால்தான் மூன்று வாரம் காத்திருந்தேன். மாதவிடாய்ச் சுழற்சியோடு நீரேற்றம் உள்ள பெண்கள் இரண்டு சராசரிகளையும் சுழற்சியின் ஒரே கட்டத்தில் எடுக்க வேண்டும். அவர்களுக்கு மூன்று வாரம் போதாது, ஒரு முழுச் சுழற்சி வேண்டும்.

இன்று முதல் 2,400.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு வந்த மைத்துனர், "மாமா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே எடை, ஒரே உயரம். நானும் 2,400 வச்சுக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தாளிக்கும் எண்ணெயை நான் கண்ணளவில் எழுதுகிறேன். அதில் தினமும் 150 கலோரி விடுபட்டால், என் உண்மையான செலவு 2,550 ஆக இருக்கும். அதே கண்ணளவில் தொடரும்வரை எனக்குக் கெடுதல் இல்லை: பிழை இரண்டு பக்கமும் இருப்பதால் கழிந்துவிடும். எண்ணெயை எடைபோட்டு எழுதும் அவருக்கு என் எண் பொருந்தாது. நானே நாளைக்குத் தராசு வைத்து எண்ணெயை அளக்கத் தொடங்கினாலும் இந்த எண் செல்லாது, புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும்.

ஏப்ரல் 7 முதல் 13 வரை சராசரி 78.10. உணவைக் கூட்டியதும் கிளைகோஜனும் குடலும் நிரம்பியதன் ஏற்றம் இது, எதிர்பார்த்ததுதான். சோதனையை இந்தச் சராசரியிலிருந்து தொடங்குகிறேன்.

மே 5, திங்கள்

ஏப்ரல் 28 முதல் நேற்று வரை சராசரி 78.15. நடுநாளுக்கு நடுநாள் 21 நாளில் 0.05 கிலோ ஏற்றம், நாளுக்கு 18 கலோரி. அந்த இடைவெளியில் உணவு 2,410. கழித்தால் 2,392. மார்ச் கணக்குக்கு 15 கலோரி தள்ளி நிற்கிறது. பிழை எல்லைக்குள் இரண்டும் ஒன்றே.

நேற்றுக் கத்திரி தொடங்கிவிட்டது. மாலை நடை பாதியாகக் குறையும்; செலவும் இறங்கும். 2,400ஐ மாற்றாமல், அடுத்த திங்களிலிருந்து புதிய இடைவெளியைத் தொடங்கி எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.