தொண்ணூறு ஓட்டம், முப்பது நடை

மாரத்தானில் நடக்காதவர்கள் ரொம்பக் குறைவு. ஐந்து மணி நேரக் கூட்டத்தில் 32-ஆவது கிலோமீட்டர் பக்கம் போய் நின்று பார்த்தால் தெரியும்: பாதிப் பேர் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் மிகச் சிலர்தான் நடப்பதென்று முன்கூட்டியே தீர்மானித்து வந்தவர்கள். மற்றவர்களை நடக்க வைத்தது கால்.

இந்த இரண்டு நடையும் ஒன்றல்ல. கால் கைவிட்ட பிறகு நடப்பவர் ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். தொடைத் தசை நார்கள் ஏற்கெனவே அடிபட்டிருக்கும், தசையில் சேர்த்துவைத்த கிளைகோஜன் தீரும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் அரை நிமிட நடை எதையும் சரிசெய்யாது. அதே அரை நிமிடத்தை மூன்றாவது கிலோமீட்டரில் கொடுத்தால் அடிபடுவதையே தள்ளிப்போடலாம்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர்தான் இதை ஒரு முறையாக்கியவர். 1974-இல் ஃபுளோரிடாவில், ஓடியே பழக்கமில்லாதவர்களுக்கு அவர் ஒரு வகுப்பு எடுத்தார். அதில் பிறந்தது இது. களைத்த பிறகு நடப்பது அவர் முறையில் சேராது, முதல் நிமிடங்களிலிருந்தே நடக்க வேண்டும். பிற்காலத்தில் இன்னொன்றும் சொன்னார்: நடை முப்பது வினாடியைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் நடந்தால் கால் இறுகிப்போய், மறுபடி ஓடத் தொடங்குவது கஷ்டமாகிறது.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு அக்கா, வங்கியில் வேலை, வயது நாற்பத்தெட்டு. ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருந்தார். ஐந்து மணி நேரத்தில் முடிக்க ஆசை. அந்த ஆசை நியாயமானதா என்று பார்க்கக் கேலோவேயிடமே ஒரு சோதனை உண்டு. உடலைச் சூடாக்கிக்கொண்டு ஒரு மைல், அதாவது நானூறு மீட்டர் டிராக்கில் நாலு சுற்றுடன் ஒன்பது மீட்டர், முடிந்த அளவு வேகமாக ஓட வேண்டும். அந்த நேரத்தை 1.3-ஆல் பெருக்கினால் முழு மாரத்தானின் ஒரு மைல் வேகம் கிடைக்கும். அக்கா 8 நிமிடம் 45 வினாடி ஓடினார். பெருக்கிக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 7:04, மொத்தம் 4 மணி 58 நிமிடம். நீளப் பயிற்சி முறையாக நடந்திருந்தால் மட்டுமே செல்லும் கணக்கு இது. அவருக்கு நடந்திருந்தது.

"அண்ணா, முதல் ரெண்டு நிமிஷத்துலயே நடந்தா பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

சிரிப்பார்கள் என்றுதான் சொன்னேன். பிறகு கணக்கைக் காட்டினேன்.

ஐந்து மணி நேரத்துக்குச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 7:07 வேண்டும். விடாமல் ஓடுபவர் 7:07-இல் ஓடினால் போதும். 90 வினாடி ஓடி 30 வினாடி நடப்பவர், நடை பத்து நிமிடத்துக்குக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓடும்போது 6:29-இல் ஓட வேண்டும். இரண்டு நிமிடம் ஓடி 30 வினாடி நடந்தால் 6:38 போதும். 60-க்கு 30 என்றால் 6:13 தேவைப்படும். நடை கூடக் கூட ஓட்டத்தின் வேகம் ஏற வேண்டும், அதுதான் விலை. 5:26 வேகத்தில் ஒரு மைல் ஓடியவருக்கு 6:29 பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். ஐந்து மணி நேரத்தில் 75 நிமிடம் நடை, ஆனால் தூரத்தில் அது ஏழரைக் கிலோமீட்டர்தான்.

எதிர்க்கணக்கும் போட்டுப் பார்த்தோம். ஒருவர் நடக்கவே மாட்டேன் என்று முதல் 30 கிலோமீட்டரை 7:00-இல் ஓடிவிட்டு, மீதியை ஓடியும் நடந்தும் 9:30 சராசரியில் கடந்தால் 5 மணி 26 நிமிடம் ஆகிறது. அக்கா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

விகிதத்தைக் காகிதத்தில் முடிவுசெய்ய முடியாது, நீளப் பயிற்சியில்தான் அது படியும். 24 கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசி ஆறு கிலோமீட்டரில் மூன்றைக் கவனிக்கச் சொன்னேன். நடை முடியும்போது மூச்சு இறங்கியிருக்கிறதா? நடை முடிந்த முதல் ஐந்தாறு எட்டு கட்டையாக இருக்கிறதா? ஓட்டப் பகுதியின் வேகம் தொடக்கத்தில் இருந்த வேகம்தானா? மூச்சு இறங்கவில்லையென்றால் ஓட்டம் நீளம் அல்லது வேகம் அதிகம். கால் கட்டையாக இருந்தால் நடையைக் குறைக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரும்பாலும் கெடுவது: நடந்ததை ஈடுகட்டுகிறேன் என்று 6:29 ஓட வேண்டியவர் 6:00-இல் பாய்வார். அப்படிப் பாய்ந்தால் நடையின் பலன் எல்லாம் அந்தப் பாய்ச்சலிலேயே செலவாகிவிடும். சென்னையின் ஈரக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் தெரியும், வேகம் மாறாமலே இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

நடையிலும் பாங்கு உண்டு. எட்டை நீட்டி வீசி நடந்தால் கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் வலிக்கும். குட்டி எட்டு, வேகமான கால், அதுதான். தண்ணீரைக் குடிப்பதும் நடைக்குள்ளேயே முடியும், ஓடிக்கொண்டே சட்டையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஜெர்மனியில் சாதாரண ஓட்டக்காரர்களை வைத்து ஒரு மாரத்தானில் சோதித்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் விடாமல் ஓடியது, இன்னொன்று இரண்டரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடந்தது. நடந்தவர்களின் சராசரி சில நிமிடம் பின்தங்கியது, ஆனால் அது கணக்கில் எடுக்கும் அளவு வித்தியாசமில்லை. தசை வலியும் களைப்பும் அவர்களுக்குக் குறைவு. இதயத்தின் மேல் விழும் சுமையில் மட்டும் வேறுபாடு இல்லை. ஆகவே நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை, லாபம் காலுக்குத்தான். எல்லாக் காலுக்கும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்பவர்களில் சிலருக்கு, நின்று கிளம்புவதே தொல்லையாகிறது.

போட்டியன்று இருட்டில் கிளம்பும்போது கூட்டம் நெருக்கம். அதில் திடீரென்று நடையாக மாறினால் பின்னால் வருபவர் மேலேயே மோதுவார். அக்கா வரிசையின் கடைசியில் நின்று, சாலை ஓரமாகவே ஓடி, ஒவ்வொரு நடைக்கும் முன் கையை உயர்த்தினார். முதல் கடிகார ஒலிக்கு நடந்தபோது இருபது பேராவது தாண்டிப் போயிருப்பார்கள். அந்த முதல் சில நடைகளை மானத்துக்குப் பயந்து விட்டுவிடுபவர்கள் நிறைய. அவர் விடவில்லை. முதல் பாதி 2 மணி 29 நிமிடம், இரண்டாம் பாதி 2 மணி 34. ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் அதிகம்.

அடுத்த முறைக்கு 60-க்கு 20 வைத்துக்கொள்கிறேன் என்கிறார். விகிதம் அதேதான், துண்டு மட்டும் சின்னது, கால் சீக்கிரம் களைக்காது என்பது வாதம். இருபது வினாடியில் மூச்சு இறங்காது, ஒரு கோப்பைத் தண்ணீரும் குடித்து முடிக்க முடியாது என்பது என் வாதம். தண்ணீர் மேசைகளில் மட்டும் நாற்பது வினாடி நடந்து, அடுத்த நடையை விட்டுவிடலாமே என்கிறார். டிசம்பர் நீளப் பயிற்சியில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடிப் பார்ப்பதாகப் பேச்சு.